வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை எங்கே வைப்பது? ஒரு ஜிஎஸ்டி அலுவலகத்தின் நடைமுறை

வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி, வருமான வரி, இ-வே பில் வேலைகளைச் செய்து தரும் சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் ஒரு எக்செல் கோப்பு இருக்கும். கடையின் பெயர், ஜிஎஸ்டி எண், பயனர் பெயர், கடவுச்சொல், இ-வே பில் தளத்தின் கடவுச்சொல், வருமான வரித் தளத்தின் கடவுச்சொல், மின்னஞ்சல், அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் என்று எல்லாம் ஒரே வரிசையில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கும். கோப்பு அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலிருந்தும் திறக்கக்கூடிய ஒரு பொது ஃபோல்டரில் கிடக்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக ஒருவர் அதை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொண்டிருப்பார். இன்னொருவருடைய பென்டிரைவில் சென்ற ஆண்டின் பிரதி இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினியில் அதற்கும் முந்தைய பிரதி இருக்கும். போதாக்குறைக்கு, கடவுச்சொற்கள் பலவும் `Kadaiperu@2017` என்ற ஒரே வார்ப்பில் அமைந்திருப்பதால், ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்றவற்றை ஊகிக்கக் கோப்புகூடத் தேவைப்படாது.

நான் ஈரோட்டில் ஜிஎஸ்டி ஆலோசகராக ஒரு சிறு அலுவலகம் நடத்துகிறேன். அந்தக் கோப்பு இல்லாமல் அலுவலகம் நடத்த முடியும் என்பதையும், எப்படி நடத்துவது என்பதையும் விரிவாக எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் மென்பொருளான பாஸ்வேர்டு மேனேஜரை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது வேலை. எந்தக் கடவுச்சொல் நம்மிடம் இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது என்று பிரிப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் எக்செல் கோப்பை அப்படியே மேனேஜருக்குள் கொட்டினால், இருக்கக் கூடாத பொருளுக்கு நல்ல பூட்டு வாங்கிப் போட்டதாகத்தான் ஆகும்.

அந்தப் பிரிப்பைச் செய்ய, ஜிஎஸ்டி தளத்தில் எது எதைத் திறக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கையில் இருக்கும் ஒருவர் உள்ளே நுழைந்து, வியாபாரி யாரிடம் வாங்குகிறார், யாருக்கு விற்கிறார், எவ்வளவுக்கு விற்கிறார், எந்த நோட்டீஸ் நிலுவையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் பார்க்கலாம். ரிட்டனைத் தயாரித்துச் சேமித்து வைக்கலாம். ஆனால் தாக்கல் செய்ய முடியாது. தாக்கலுக்கு அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் ஓடிபியோ டிஜிட்டல் கையெழுத்தோ வேண்டும். தனிநபர் நிறுவனம் என்றால் ஓடிபி போதும்; கம்பெனி, எல்எல்பி என்றால் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. தாக்கலுக்கான ஓடிபி, பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு வருவதோடு பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சலுக்கும் வருகிறது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினாலும் இதே இரண்டு இடங்களுக்குத்தான் ஓடிபி போகும். ஆகவே அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ, அவருக்குக் கைபேசியும் தேவையில்லை, ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் தேவையில்லை. பயனர் பெயர் ஒன்று தெரிந்தால் போதும், கணக்கு அவருடையதுதான். அந்த எக்செல் கோப்பிலேயே மிக அபாயமான கட்டம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த "மின்னஞ்சலின் கடவுச்சொல்" என்ற கடைசிக் கட்டம். நுழைவும் கையெழுத்தும் ஒரே கோப்பில் சேரும்போது, வேறொருவர் பெயரில் விற்பனை பில்களைப் பதிவேற்றி, இல்லாத சரக்குக்கு வரி வரவு உண்டாக்கும் வழி திறந்துவிடுகிறது. அதற்கான நோட்டீஸ் ஜிஎஸ்டி எண்ணின் உரிமையாளருக்குத்தான் வரும்.

எனவே என் அலுவலகத்தின் விதி இப்படி அமைந்திருக்கிறது. தனி அனுமதி வாங்கிச் செய்யக்கூடிய வேலைக்கு வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை வாங்குவதில்லை. கடவுச்சொல் இல்லாமல் நடக்காத வேலைக்கு மட்டும் வாங்கி, பாஸ்வேர்டு மேனேஜரில் வைத்து, அந்த வேலையைச் செய்யும் ஊழியருக்கு மட்டும் திறந்து விடுகிறோம். ஓடிபி வரும் கைபேசி, மின்னஞ்சல், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவை கையெழுத்துக்குச் சமம் என்பதால் அவற்றைத் தொடுவதே இல்லை.

ஒரு நூல் வியாபாரியின் கணக்கை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் இது தெளிவாகும். அவர் வேறொரு ஆலோசகரிடமிருந்து எங்களிடம் வந்தவர். முதல் நாள் அவர் சொன்னது, "பாஸ்வேர்டு எல்லாம் பழைய ஆடிட்டர்கிட்டயே இருக்குதுங்க. எனக்கு ஓடிபிகூட வராதுங்க" என்பதுதான். பதிவு செய்தபோதே கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அந்த ஆலோசகருடையதாகவே கொடுக்கப்பட்டிருந்தன. பல அலுவலகங்களில் இதை வாடிக்கையாளருக்குச் செய்யும் உதவியாகவே நினைக்கிறார்கள். அவரைத் தொந்தரவு செய்யாமல் மாதாமாதம் தாக்கல் முடிந்துவிடும் என்பது அவர்களுடைய வாதம். ஆனால் இந்த வியாபாரிக்குத் தன் பெயரில் என்ன தாக்கல் ஆகியிருக்கிறது என்று பார்க்கக்கூட வழி இல்லாமல் இருந்தது. பழைய ஆலோசகர் தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்தியிருந்தார்.

இந்த நிலையில் செய்ய வேண்டியது என்னவென்று ஜிஎஸ்டி நடைமுறையிலேயே தெளிவாக இருக்கிறது. வியாபாரி தன் பகுதிக்குரிய வரி அலுவலரிடம் நேரில் போய், தான்தான் அந்தப் பதிவின் உரிமையாளர் என்பதற்கான ஆவணங்களைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அலுவலர் சரிபார்த்து, புதிய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் தளத்தில் ஏற்றி, கடவுச்சொல்லை மாற்றியமைப்பார். புதிய மின்னஞ்சலுக்குப் பயனர் பெயரும் தற்காலிகக் கடவுச்சொல்லும் வரும். அவற்றைக் கொண்டு, உள்நுழையும் பக்கத்தின் கீழே உள்ள `First time login` வழியாக நுழைந்து, இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய ஆலோசகரின் ஒத்துழைப்பு இதற்கு எந்த இடத்திலும் தேவைப்படவில்லை என்பது முக்கியம். இந்த வழி இருப்பது தெரியாமல், கடவுச்சொல்லைத் திரும்ப வாங்குவதற்காகக் கேட்ட தொகையைக் கொடுத்த வியாபாரிகளை நான் அறிவேன்.

அலுவலரிடம் கொடுக்க எந்த மின்னஞ்சல் என்ற கேள்வி வந்தபோது, அவர் எங்கள் அலுவலக மின்னஞ்சலையே கொடுக்கச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய கைபேசியிலேயே வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை அவரே அமைத்தார்; அவருடைய மகளின் எண்ணை மீட்பு எண்ணாகப் போட்டுக்கொண்டார். அந்தக் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. நோட்டீஸ் வந்தால் எங்களுக்கும் தெரிய வேண்டுமே என்பதற்கு, ஜிஎஸ்டி தளத்திலிருந்து வரும் அஞ்சல்களில் ஓடிபி என்ற சொல் இல்லாதவை மட்டும் எங்கள் முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படும்படி ஒரு வடிகட்டியை அந்த மின்னஞ்சலில் அமைத்தோம். இதில் ஒரு கவனம் வேண்டும். வடிகட்டி இல்லாமல் எல்லா அஞ்சலையும் திருப்பிவிட்டால் ஓடிபியும் சேர்ந்து வந்துவிடும்; அப்படிச் செய்வதற்கு எங்கள் முகவரியையே பதிவில் கொடுத்திருக்கலாம். அமைத்த பிறகு ஒருமுறை ஓடிபி வரவழைத்து, அது எங்களுக்கு வராததைச் சோதித்த பின்பே இதை நம்பினோம்.

அடுத்து அனுமதிகள். ஜிஎஸ்டி தளத்தில் வியாபாரி தன் நுழைவிலிருந்து `Engage / Disengage GST Practitioner` என்ற இடத்தில் என் பதிவு எண்ணைத் தேடி என்னை நியமிக்கலாம். நான் என் நுழைவில் அதை ஏற்றுக்கொண்டால், அவருடைய ரிட்டன் வேலைகளை என் சொந்தப் பயனர் பெயரிலேயே செய்யலாம். அவர் விரும்பினால் எந்த நேரத்திலும் என்னை நீக்கிவிடலாம். அதற்கு என் சம்மதம் வேண்டியதில்லை. இதைவிட நேர்மையான ஏற்பாடு வேறு இல்லை. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. எல்லாப் பக்கங்களும் ஆலோசகரின் நுழைவில் திறப்பதில்லை. நோட்டீஸுக்குப் பதில் தருவது போன்ற சில வேலைகளுக்கு நாங்கள் இன்னும் வியாபாரியின் நுழைவையே பயன்படுத்துகிறோம். மேலும் ஆலோசகரின் நுழைவுக்குக் கீழே ஊழியர்களுக்கென்று தனித்தனி நுழைவு கிடையாது. அந்த ஒரு நுழைவு எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கதவு என்பதால், அதன் கடவுச்சொல் என்னிடமும் மூத்த ஊழியர் ஒருவரிடமும் மட்டுமே இருக்கிறது.

இ-வே பில் தளம் இந்த விஷயத்தில் மிக நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அதன் வசதியைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. அங்கே முதன்மைப் பயனர் தனக்குக் கீழே துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒவ்வொருவருக்கும் என்ன உரிமை என்பதைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்: பில் உருவாக்குவது, பலவற்றைத் தொகுப்பது, பிறர் நம் பெயரில் எழுப்பிய பில்லை நிராகரிப்பது, அறிக்கைகளைப் பார்ப்பது என்று பிரிந்திருக்கும். இந்த நூல் வியாபாரிக்கு இரண்டு துணைப் பயனர்களை உருவாக்கினோம். குடோனில் சரக்கு ஏற்றுபவருக்குப் பில் உருவாக்கும் உரிமை மட்டும். எங்கள் அலுவலகத்துக்கு அறிக்கை பார்க்கும் உரிமை மட்டும். முதன்மை நுழைவு வியாபாரியிடமே இருக்கிறது. அவருடைய பெயரில் ஒரு பொய் பில் எழுப்ப வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் யாராவது நினைத்தாலும், எங்கள் நுழைவில் அதற்கான பொத்தானே தெரியாது.

இந்த ஏற்பாட்டால் இன்னொரு தலைவலியும் தீர்ந்தது. இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் இரட்டைச் சரிபார்ப்பு படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது: ஆண்டு விற்றுமுதல் 20 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதலும், 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு பிப்ரவரி 1 முதலும், மற்ற அனைவருக்கும் ஏப்ரல் 1 முதலும். ஓடிபி குறுஞ்செய்தியாக வரும். அல்லது சந்தேஸ் செயலியிலோ என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலியிலோ பெற்றுக்கொள்ளலாம். ஒரே நுழைவைப் பலர் பகிர்ந்த அலுவலகங்களில், இரவு லாரி கிளம்பும் நேரத்தில் முதலாளியை எழுப்பி ஓடிபி கேட்க வேண்டியதாயிற்று. துணைப் பயனருக்கு அவரவர் கைபேசி எண்ணிலேயே சரிபார்ப்பு நடக்கிறது என்பதால், குடோன்காரர் தன் கைபேசியைப் பார்த்துத் தானே நுழைகிறார். பாதுகாப்புக்காக ஒன்றைச் செய்தால் வேலை மெதுவாகும் என்ற எண்ணம் இந்த இடத்தில் பொருந்தவில்லை.

வருமான வரித் தளத்திலும் சார்ட்டர்டு அக்கவுன்டன்டை நியமிக்கும் வசதி, இ-ரிட்டன் இடைத்தரகரைச் சேர்க்கும் வசதி ஆகியவை உண்டு. நிறுவனத்தின் தன்மையைப் பொறுத்து அவை மாறுபடுவதால் இங்கே விரிவாகப் போகவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சியது ஜிஎஸ்டி தளத்தில் வியாபாரியின் சொந்த நுழைவு. இதைத்தான் பாஸ்வேர்டு மேனேஜரில் வைக்கிறோம். நாங்கள் பயன்படுத்துவது பிட்வார்டன். திறந்த மூல நிரல் என்பதும், நிறுவனக் கணக்கில் ஊழியர்களுக்கு உரிமைகளைப் பிரித்துத் தர முடியும் என்பதும் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். தனி ஆளாக வேலை பார்ப்பவருக்கு இது தேவையில்லை. கீபாஸ்எக்ஸ்சி என்ற இலவச மென்பொருளில் ஒரே கோப்பாக வைத்து, இரண்டு இடங்களில் நகல் எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கத் தெரிந்த எல்லாருக்கும் உள்ளே இருக்கும் எல்லாமும் தெரியும் என்பதால், இரண்டாவது ஊழியர் வந்தவுடன் அது போதாமல் போய்விடும்.

கடவுச்சொல் எங்களிடம் வந்து சேரும் விதத்தையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்குள் அனுப்பியிருப்பார்கள். அந்தச் செய்தி அவர் கைபேசியில், என் கைபேசியில், என் கணினியில் திறந்திருக்கும் வாட்ஸ்அப் வெப்பில், இரண்டு பேருடைய பேக்கப்பிலும் இருக்கும். அதை அழிக்கச் சொல்லிப் பயனில்லை. நாங்கள் செய்வது என்னவென்றால், வந்த கடவுச்சொல்லைக் கொண்டு அன்றே நுழைந்து, வியாபாரி தொலைபேசியில் இருக்கும்போதே புதியதாக மாற்றிவிடுவது. ஜிஎஸ்டி தளம் 8 முதல் 15 எழுத்துகள் வரை ஏற்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், சிறப்புக்குறி ஆகியவை ஒவ்வொன்றாவது இருக்க வேண்டும். மேனேஜரின் உருவாக்கியில் நீளத்தை 15 என்று வைத்து, சிறப்புக்குறி உட்பட நான்கு வகைகளையும் தேர்ந்தெடுத்து ஒன்றை உருவாக்கினால் இந்த நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறும். அது யாருடைய கடைப் பெயரையும் ஒத்திருக்காது. அந்தக் கணமே வாட்ஸ்அப்பில் கிடக்கும் பழையது செத்த கடவுச்சொல் ஆகிவிடுகிறது.

மாற்றிய கடவுச்சொல்லை வியாபாரிக்குக் கொடுத்தாக வேண்டும், கணக்கு அவருடையது. பக்கத்தில் இருப்பவர் என்றால் ஒரு தாளில் அச்சிட்டு உறையில் போட்டுக் கையில் கொடுக்கிறோம். அவர் அதைப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துக்கொள்கிறார். தூரத்தில் இருப்பவருக்கு, பிட்வார்டனின் `Send` வசதியில் ஒரே முறை மட்டும் திறக்கக்கூடியதாகவும் மறுநாள் தானாக அழியக்கூடியதாகவும் ஒரு இணைப்பை உருவாக்கி அனுப்புகிறோம். அந்தக் கெடுவுக்குள் அவர் முதன்முறை திறக்கும்போதே இணைப்பு கிடைக்கவில்லை என்று வந்தால், இடையில் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பொருள். உடனே மீண்டும் மாற்ற வேண்டும்.

நிறுவனக் கணக்குக்குள் வாடிக்கையாளர்களைத் தொகுப்புகளாகப் பிரித்திருக்கிறோம். பிட்வார்டன் இதற்கு `Collections` என்று பெயர் வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஊழியரும் எந்த வாடிக்கையாளர்களின் வேலையைச் செய்கிறாரோ அந்தத் தொகுப்பு மட்டுமே அவருக்குத் தெரியும். நூல் வியாபாரியின் கணக்கைப் பார்க்கும் ஊழியருக்கு மஞ்சள் மண்டிக்காரர்களின் தொகுப்பு இருப்பதுகூடத் தெரியாது. விடுப்பில் போகும்போது அவருடைய தொகுப்பை இன்னொருவருக்குத் திறந்துவிட்டு, திரும்பி வந்ததும் எடுத்துவிடுகிறோம். இந்தக் கடைசிப் படியை மறந்தால், சில மாதங்களில் எல்லாருக்கும் எல்லாமும் தெரியும் என்ற பழைய நிலைக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதிக்குப் பிறகு, யாருக்கு எது திறந்திருக்கிறது என்ற பட்டியலை நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஊழியர்களுக்கு நாங்கள் கொடுக்கும் உரிமை, பதிவைப் பயன்படுத்தலாம், கடவுச்சொல்லைப் பார்க்க முடியாது என்ற வகையைச் சேர்ந்தது. நிரப்பு என்று அழுத்தினால் தளத்தில் போய் நிரம்பும். கண் குறியை அழுத்திப் பார்க்கவோ நகலெடுக்கவோ முடியாது. இதை மிகையாக நம்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிரம்பிய பிறகு கடவுச்சொல் உலாவியின் பக்கத்தில்தான் இருக்கிறது. உலாவியின் `Inspect` பகுதியைத் திறந்து, அந்தக் கட்டத்தின் `type="password"` என்பதை `type="text"` என்று மாற்றினால் எழுத்துகள் அப்படியே தெரிந்துவிடும். மறைப்பது தற்செயலான கசிவைத் தடுக்கும்: தாளில் குறித்து வைப்பது, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது போன்றவற்றை. வேண்டுமென்றே எடுக்க நினைப்பவரைத் தடுக்காது. பிட்வார்டன் நிறுவனமும் தன் உதவிப் பக்கத்தில் இதை ஒளிக்காமல் சொல்கிறது. எனவே ஒருவருக்கு நிரப்பும் உரிமை கொடுத்தால், அவருக்குக் கடவுச்சொல் தெரியும் என்று வைத்துக்கொண்டே மற்றவற்றைத் திட்டமிட வேண்டும்.

எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. சாதாரணமாக ஒருவருக்கு ஒரு தளத்தில் ஒரு கணக்கு இருக்கும். பாஸ்வேர்டு மேனேஜர்கள் அதை மனத்தில் வைத்தே உருவானவை. எங்களுக்கோ ஒரே தளத்தில் எல்லா வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். `services.gst.gov.in` பக்கத்தைத் திறந்ததும் மேனேஜர் முழுப் பட்டியலையும் நீட்டும். போதாததற்கு, பிட்வார்டன் இயல்பாகத் தளத்தின் அடிப்படைப் பெயரை மட்டும் பொருத்திப் பார்ப்பதால், `gst.gov.in` என்று முடியும் இ-இன்வாய்ஸ் தளத்தின் பதிவுகளும் அதே பட்டியலில் கலந்து நிற்கும். `Ctrl+Shift+L` என்ற குறுக்குவிசையை அழுத்தினால், கடைசியாகப் பயன்படுத்திய பதிவு நிரம்பிவிடும். 20-ஆம் தேதி மாலை அவசரத்தில் அடுத்த வாடிக்கையாளரின் வேலை என்று நினைத்துக்கொண்டு, முந்தையவரின் கணக்கிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆபத்து இதில் இருக்கிறது.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளிமையானது. பொருத்தும் முறையை `Host` என்று மாற்றியதில் இ-இன்வாய்ஸ் பதிவுகள் பிரிந்துவிட்டன. பக்கம் திறந்ததும் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிட்டோம். குறுக்குவிசையை யாரும் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறோம். ஊழியர் முதலில் மேனேஜரில் பெயரைத் தேடி, சரியான பதிவைத் தேர்ந்தெடுத்து, பிறகே நிரப்புகிறார். உள்ளே போனதும் திரையில் தெரியும் ஜிஎஸ்டி எண்ணை, கையில் இருக்கும் கணக்குத் தாளோடு ஒத்துப் பார்க்கிறார். முகவரிப் பொருத்தத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: ஜிஎஸ்டி தளத்தைப் போலவே செய்யப்பட்ட போலிப் பக்கத்துக்கு யாராவது போய்விட்டால், அங்கே மேனேஜர் எதையும் காட்டாது. பட்டியல் வரவில்லையென்றால் கடவுச்சொல்லைத் தேடி எடுத்துத் தட்டச்சு செய்யாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள் என்று ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜரைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்தில் 2022-ல் நடந்த ஊடுருவலில், வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் காப்பு நகல்களே திருடப்பட்டன. உள்ளிருந்த கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், தள முகவரிகள் அப்படியே படிக்கக்கூடிய நிலையில் இருந்தன. நகல் திருடர் கையில் போன பிறகு, அதைத் திறக்க விடாமல் தடுப்பது உரிமையாளரின் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றுதான். ஆகவே எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்துக்கொள்கிறோம். `kalappai-thanthi-oonjal-mathalam-neeravi` என்பது போல. சொற்களை மனத்தில் தோன்றியபடி எடுக்காமல், அகராதியைக் கண்ட இடத்தில் பிரித்து எடுக்கச் சொல்கிறேன். அதன் மேல் இரட்டைச் சரிபார்ப்பும் உண்டு. முதன்மைக் கடவுச்சொல் மறந்தால் பிட்வார்டனாலும் மீட்டுத் தர முடியாது. அதனால் என்னுடையதும் மீட்புக் குறியீடும் எழுதிய தாள் வங்கி லாக்கரில் இருக்கிறது, நிறுவனக் கணக்குக்கு இரண்டாவது உரிமையாளராக என் மனைவியும் இருக்கிறார்.

இனி தாக்கல் நாள். நூல் வியாபாரியின் ஜிஎஸ்டிஆர்-3பி தயாரானதும், ஊழியர் அதன் சுருக்கத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி அவருக்கு அனுப்புகிறார். விற்பனை எவ்வளவு, எடுத்துக்கொண்ட வரி வரவு எவ்வளவு, ரொக்கமாகக் கட்ட வேண்டியது எவ்வளவு என்ற மூன்று எண்களைச் செய்தியிலும் தனியாக எழுதுகிறார். அவர் பார்த்துச் "சரிங்க" என்ற பிறகே ஓடிபி வரவழைக்கப்படுகிறது. வந்த குறுஞ்செய்தியில் எதற்கான ஓடிபி என்று எழுதியிருக்கும். அதை வாய்விட்டுப் படித்துவிட்டுப் பிறகு எண்ணைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறோம். நாங்கள் கேட்காத நேரத்தில் ஓடிபி வந்தால், அவருடைய கடவுச்சொல் வேறு யாரிடமோ இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. அப்போது யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, எங்கள் ஊழியர் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சொல்லக் கூடாது.

கம்பெனி வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, மேலே ஸ்டிக்கரில் பின் எண்ணை எழுதி ஒட்டுவது எங்கள் தொழிலில் மிகப் பரவலான பழக்கம். இதைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: இது கூடவே கூடாது. டோக்கனை இயக்குநர் கொண்டுவந்து, தானே பின் எண்ணைத் தட்டி, எடுத்துக்கொண்டு போக வேண்டும். வர முடியாதவருக்கு எங்கள் ஊழியர் மடிக்கணினியோடு போகிறார்.

வேறு அறிகுறிகளும் உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் நுழைந்ததும் கடைசியாக எப்போது நுழையப்பட்டது என்ற தேதியும் நேரமும் தெரியும். பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில், எந்த ஊழியர் எந்தப் பதிவை எப்போது நிரப்பினார் என்ற பதிவேடு இருக்கிறது. தளம் காட்டும் நேரம் எங்கள் பதிவேட்டில் இல்லையென்றால், வியாபாரியிடம் அவர் நுழைந்தாரா என்று கேட்கிறோம். அவரும் இல்லையென்றால் அன்றே கடவுச்சொல்லை மாற்றுகிறோம்.

ஊழியர் ஒருவர் வேலையை விடும்போது செய்பவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நிறுவனக் கணக்கிலிருந்து அவரை நீக்குகிறோம். பிறகு, அவர் கைபேசி எண்ணில் இயங்கும் இ-வே பில் துணைப் பயனர்களை முடக்குகிறோம். அந்தத் தளத்தில் அதற்கென்றே முடக்கும் வசதி இருக்கிறது. வாடிக்கையாளர்தான் இதைத் தன் முதன்மை நுழைவிலிருந்து செய்ய வேண்டும் என்பதால், தொலைபேசியில் கூடவே இருந்து வழிகாட்டுகிறோம். பிறகு பதிவேட்டை எடுத்து, அவர் எந்தெந்தப் பதிவுகளைத் தொட்டிருக்கிறார் என்று பார்த்து, அந்தக் கடவுச்சொற்களை மாற்றுகிறோம். மறைத்துத்தானே கொடுத்திருந்தோம் என்று இந்தப் படியைத் தவிர்ப்பதில்லை. காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன். நல்லவிதமாக விடைபெறுபவருக்கும் இதையே செய்கிறோம், அதை அவரிடமே சொல்லிவிட்டுச் செய்கிறோம். பின்னாளில் எந்தக் கணக்கில் எது நடந்தாலும் அவர் மேல் சந்தேகம் விழாது என்பதால், இது அவருக்கும் பாதுகாப்பு. நூல், மஞ்சள் என்று தொகுப்புகளைப் பிரித்து வைத்ததன் பலன் இங்கேதான் தெரிகிறது: மாற்ற வேண்டியவை அவருடைய தொகுப்பில் உள்ளவை மட்டுமே.

எக்செல் கோப்பிலிருந்து மாற நினைப்பவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முயல வேண்டாம். கோப்பை முதலில் மேனேஜருக்குள் ஏற்றிவிட்டு, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மட்டும் அதே நாளில் நீக்கி, அந்த வாடிக்கையாளர்களைத் தங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவருடைய மாதாந்திரத் தாக்கலுக்கும் நுழையும்போது கோப்பில் உள்ள அவருடைய ஜிஎஸ்டி, இ-வே பில், வருமான வரிக் கடவுச்சொற்களைப் புதிதாக மாற்றிக்கொண்டே வாருங்கள். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களும் ஒரு சுற்று வந்து முடிந்தபின், எத்தனை பென்டிரைவில் எத்தனை பிரதி இருந்தாலும் அந்தக் கோப்பு எதையும் திறக்காது. அதை அழிப்பது அதற்குப் பிறகு வெறும் துப்புரவு வேலை.

வாடிக்கையாளர் வேறொரு ஆலோசகரிடம் போக விரும்பினால், அவர் தன் நுழைவிலிருந்து என்னை நீக்குகிறார். எங்கள் துணைப் பயனரை முடக்குகிறார். ஜிஎஸ்டி கடவுச்சொல்லை எங்கள் கணினியில் அல்லாமல் தன் கைபேசியில் மாற்றிக்கொள்கிறார். நாங்கள் அவருடைய பதிவை மேனேஜரிலிருந்து அழித்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கிறோம். இல்லையென்றால் அது 30 நாள் அங்கேயே கிடக்கும். நிலுவையில் உள்ள நோட்டீஸ்கள், எடுக்கப்பட்ட அனுமதிகள், எடுத்த தேதி ஆகியவற்றை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்புகிறோம். தான் நுழைந்து பார்த்துவிட்டதாக அவர் பதில் எழுதிய பிறகே அவருடைய கோப்பை மூடுகிறோம்.